சேமிப்புப் புத்தகத்திலிருந்து தவணை அட்டவணை

2007 ஆம் ஆண்டு போரினால் கரடியனாறு உட்பட படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தபோது, மாதந்தோறும் கட்டிவந்த சேமிப்புகளும் இடைநடுவில் நின்றன. இத்தகைய ஒரு புத்தகத்தைக் காட்டிக் கடன் கேட்டால், "எத்தனை மாதம் கட்டினீர்கள்? நிலுவை எவ்வளவு?" என்பதே சங்கத்தின் முதற் கேள்வி. கடைசி வரியிலுள்ள மீதியைப் பார்த்து விடை சொன்னால் பிழையாகிவிடும். ஏனெனில் மீதியில் வட்டி கூடியிருக்கும், எடுத்த பணம் குறைந்திருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு புத்தகத்தைப் பார்ப்போம். மாதத் தவணை 500 ரூபா. சேமிப்பு 2007 ஜனவரியில் தொடங்கியது. பதிவுகள் இவை:

05.01.2007 வைப்பு 500, மீதி 500
07.02.2007 வைப்பு 500, மீதி 1,000
30.06.2007 வட்டி 20, மீதி 1,020
10.07.2007 வைப்பு 1,500, மீதி 2,520
24.07.2007 மீளப்பெற்றது 300, மீதி 2,220

முதலில் ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் கீறுவோம்: எந்த மாதத்துக்கான தவணை, கட்டிய திகதி, தொகை. ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதங்களையும் வரிசையாக எழுதுவோம். கட்டாத மாதத்தையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து வைப்புகளை மட்டும் எடுத்து நிரப்புவோம். ஜனவரி, பெப்ரவரித் தவணைகள் அவ்வம்மாதமே கட்டப்பட்டவை. 1,500 ரூபா மூன்று தவணைகளுக்குச் சமம். பற்றுச்சீட்டில் மாதம் குறித்திருந்தால் அதன்படி எழுத வேண்டும். குறிப்பிடாவிட்டால், பழைய நிலுவையை முதலில் தீர்ப்பது சங்க விதியா என்று கேட்டறிய வேண்டும். அதுவே விதியானால் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்றுக்கும் 500 வீதம் எழுதி, கட்டிய திகதியாக 10.07.2007 என்றே இடுவோம். மார்ச்சில் கட்டியதாகத் திகதி போடக் கூடாது. ஜூன், ஜூலை வெறுமையாக இருக்கும்.

ஆகவே கட்ட வேண்டியது 3,500, கட்டியது 2,500, நிலுவை 1,000 ரூபா. மீதியாகிய 2,220 ஐ 500 ஆல் பிரித்திருந்தால், நான்கு தவணைதான் கட்டியதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் ஐந்து கட்டியாயிற்று.

முடிவில் சரிபார்ப்போம். வைப்பு 2,500 உடன் வட்டி 20 ஐக் கூட்டி, எடுத்த 300 ஐக் கழித்தால் 2,220 வருகிறது. புத்தக மீதியும் அதுவே.

இவ்வாறு பொருந்தாவிட்டால் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். முந்திய மீதியுடன் வைப்பைக் கூட்டியும் அடுத்த மீதி வராத இடத்தில் ஒரு பதிவோ பக்கமோ விடுபட்டிருக்கலாம். புதிய பக்கத்தின் தலையில் வரும் 'முன்கொணர்ந்த மீதி'யை வைப்பாக எண்ணியிருந்தாலும் கணக்கு மிஞ்சும். விடுபட்ட இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், அந்தத் திகதிகளுக்கான கணக்குக் கூற்றைச் சங்கத்திடமோ வங்கிக் கிளையிடமோ கேட்டுப் பெறுவோம். அதுவரை அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி இருக்கட்டும்.