மின்தேக்கிகளும் செயற்கை மின்னலும்

மின்னல் தாக்கும்போது மின்மாற்றியும் காப்பானும் பழுதுறாமல் நிற்குமா என்பதை ஆய்வகத்திலேயே அறியலாம். 1960-ஆம் ஆண்டு பெங்களூரில் நிறுவப்பெற்ற மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன. இதற்குரிய கருவி துடிப்பு மின்னாக்கி எனப்படும். இதன் அமைப்பை 1924-இல் விளக்கியவர் எர்வின் மார்க்ஸ் என்னும் ஜெர்மானியர். மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் மின்னேற்றி, தொடர் இணைப்பில் மின்னிறக்குவதே இதன் தத்துவம். கணக்கிற்கு எளிதான அளவுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கணக்கு 1. 0.5 மைக்ரோ பாரடு கொண்ட பத்து மின்தேக்கிகள் பக்க இணைப்பில் 1,00,000 வோல்ட்டுக்கு மின்னேற்றப்படுகின்றன. சேமிப்பான ஆற்றல் யாது?

பக்க இணைப்பில் மின்தேக்குதிறன்கள் கூடும். எனவே C = 10 × 0.5 = 5 மைக்ரோ பாரடு.
Q = CV = 0.5 கூலோம்.
E = ½CV² = 25,000 ஜூல்.

ஆயின் மின்மூலம் அளித்த ஆற்றல் QV = 50,000 ஜூல். எஞ்சிய பாதி எங்கே சென்றது? மாறா மின்னழுத்த மூலத்திலிருந்து தடை வழியாக மின்னேற்றினால், அத்தடை பெரிதாயினும் சிறிதாயினும், பாதி ஆற்றல் வெப்பமாகிவிடும். தடை மாற்றுவது காலத்தையே. 1 மெகா ஓம் தடைக்குக் கால மாறிலி RC = 5 செக்கண்டு; அதற்குள் மின்னழுத்தம் 63 சதவீதத்தை எட்டும். 25 செக்கண்டில் ஏறக்குறைய முழு அளவை அடையும்.

கணக்கு 2. இவை தொடர் இணைப்பாக மாறினால் விளைவு என்ன?

மின்தேக்கிகளுக்கு இடையே காற்று வெளிகள் உள்ளன. அவற்றில் பொறி பாய்ந்ததும், ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையுடன் சேர்கிறது. மின்னேற்றத் தடைகள் மிகப் பெரியனவாதலால், அந்தச் சில மைக்ரோ செக்கண்டுகளில் அவற்றின் வழியே மின்னூட்டம் கசிவது மிகச் சிறிதே.

V = 10 × 1,00,000 = 10,00,000 வோல்ட்.
C = 0.5 ÷ 10 = 0.05 மைக்ரோ பாரடு.
E = ½CV² = 25,000 ஜூல்.

மின்னழுத்தம் பத்து மடங்காயிற்று, ஆற்றலோ மாறவில்லை. வெளிவரும் மின்னூட்டம் 0.5 கூலோமிலிருந்து 0.05 கூலோமாகக் குறைந்ததே இதன் காரணம். இந்த ஆற்றல் மிகக் குறுகிய காலத்தில் வெளிப்படுகிறது. வழக்கமான சோதனைத் துடிப்பு 1.2 மைக்ரோ செக்கண்டில் உச்சத்தை எட்டி, 50 மைக்ரோ செக்கண்டில் அதன் பாதியாகத் தாழும்.

கணக்கு 3. மின்னிறக்கிய பின், பக்க இணைப்பிலுள்ள அம்மின்தேக்கிகளில் 10,000 வோல்ட் எஞ்சியிருப்பின் அபாயம் உண்டா?

மின்னழுத்தம் பத்தில் ஒன்றாயின் ஆற்றல் நூறில் ஒன்று. அதாவது 250 ஜூல். இதுவே உயிரைப் போக்க வல்லது. மேலும், மின்காப்புப் பொருளில் ஊறிய மின்னூட்டம் சிறிது நேரம் கழித்து மீண்டும் தகடுகளில் தோன்றும். ஒரு முறை மின்னிறக்கினால் போதாது என்பது இதனாலேயே. புவித்தொடர்புக் கோலால் மின்னிறக்கிய பின், ஒவ்வொரு மின்தேக்கியின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தே வைத்திருத்தல் வேண்டும்.

பயிற்சி. 0.25 மைக்ரோ பாரடு கொண்ட எட்டு மின்தேக்கிகள் பக்க இணைப்பில் 75,000 வோல்ட்டுக்கு மின்னேற்றப்பட்டுத் தொடராக மாற்றப்படுகின்றன. மின்னழுத்தமும் ஆற்றலும் யாவை?
(விடை: 6,00,000 வோல்ட், 5,625 ஜூல்.)