பழைய முகாமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வியாழக்கிழமை பகல். கடை வாசலில் லொறியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருக்கிறது. பில்லைக் கையில் வைத்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து பேசினார்கள். ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லி, "இவர் உங்களிடம் வேலை செய்தவரா, ஆள் எப்படி?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே ஆள் ஞாபகம் வரவில்லை. "அப்படி ஒருவர் இருந்தார் போலிருக்கிறது, சரியாக நினைவில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டிகளை எண்ணப் போய்விட்டேன்.

இரவு படுக்கையில் கிடக்கும்போதுதான் அந்தப் பையனின் முகம் வந்தது. இரண்டு வருடம் என்னிடம் நேர்மையாக உழைத்தவன். காலையில் தொலைபேசியைத் தேடிப் பார்த்தால் அவனுடைய செய்தியும் இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னரே வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அந்த இலக்கத்துக்கு அழைத்து விளக்கம் சொன்னேன். அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு நான் பட்ட கடன் இன்னும் மனதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையும் அதனால்தான்.

அவன் அனுப்பியிருந்தது கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது:

"சேர் ஸலாம். எப்பிடி சொகம்? எனக்கி ஒரு ரெபரன்ஸ் வேணும். ஒங்கட நம்பரக் குடுத்தீக்கிறன். கோல் வந்தா நல்லா செல்லுங்கொ. கொஞ்சம் அவசரம்."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஸலாம் இருக்கிறது, நலம் விசாரித்திருக்கிறான். ஆனால் வாசிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் ஒரு வேலையைத் தருகிறது. அனுப்பியவர் யார் என்று தேட வேண்டும்; இலக்கம் மாறியிருந்தால் அதுவும் தெரியாது. வேலை என்ன, எந்த இடம், யார் அழைப்பார்கள், எப்போது அழைப்பார்கள் என்று எதுவும் இல்லை. கடிதம் கேட்கிறானா, தொலைபேசியில் பேசச் சொல்கிறானா என்பதும் புரியவில்லை. எல்லாவற்றிலும் பெரிய பிழை, கேட்பதற்கு முன்னரே இலக்கத்தைக் கொடுத்துவிட்டது. "முடியாது" என்று சொல்ல இடமே வைக்காத வேண்டுகோள் மனிதரைச் சங்கடப்படுத்தும். சங்கடப்பட்டவர் பதில் போடாமல் தள்ளிப்போடுவார்.

நம் நாட்டு விண்ணப்பங்களில் "உறவினரல்லாத இருவர்" என்று பெயர் கேட்பது வழக்கம். பள்ளிவாசல் தலைவர், பாடசாலை அதிபர் ஆகியோரின் பெயர்களைப் போட்டுப் பழகிவிட்டோம். அது நன்னடத்தைக்குச் சரி. ஆனால் நீங்கள் நேரத்துக்கு வந்தீர்களா, கணக்கு ஒழுங்காக இருந்ததா என்பதற்கு உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட முகாமையாளரின் வார்த்தைதான் எடைபோடும். அவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை, கண்டவர் கண்டவர்தான்.

இனி ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். திஹாரியவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச் முதல் 2022 ஜூன் வரை கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை செய்தார். டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதி படுத்துவிட்ட அந்த வருடம் ஆட்குறைப்பில் விலக நேர்ந்தது. இப்போது பியகம ஏற்றுமதி வலயத்திலுள்ள ஒரு தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். இம்மாதம் 24ஆம் திகதி விண்ணப்ப முடிவு. அவர் தன் பழைய முகாமையாளருக்கு 12ஆம் திகதி இப்படி எழுதலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் 2019 முதல் 2022 வரை பழைய சோனகத் தெருக் களஞ்சியத்தில் உங்களுக்குக் கீழ் இருப்புப் பதிவேடு எழுதியவன், திஹாரியவிலிருந்து பஸ்ஸில் வந்து போனவன். பியகமவில் ஒரு தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என்னுடைய வேலையைக் கண்ட ஒருவரின் பெயரும் இலக்கமும் கேட்கிறார்கள். என்னைப் பற்றி மனம் ஒப்பி நல்லபடியாகச் சொல்ல உங்களால் முடியுமென்றால், உங்கள் பெயரைக் கொடுக்கலாமா? கடிதம் தேவையில்லை. அவர்கள் ஒரு தடவை அழைப்பார்கள், ஐந்து பத்து நிமிடப் பேச்சு. 20ஆம் திகதிக்குள் 'சரி' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். வசதிப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறொருவரைக் கேட்டுக்கொள்வேன்."

முன்னையதைவிட நீளம்தான். ஆனாலும் வாசித்து முடித்தவர் எதையும் தேட வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை. பெயரை மறந்தவருக்கும் "திஹாரிய பஸ்" என்றதும் முகம் வந்துவிடும். வேலை எவ்வளவு என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லில் பதில் போடலாம். விண்ணப்ப முடிவுக்கு நான்கு நாள் முன்னதாகத் தவணை வைத்திருப்பதைக் கவனியுங்கள். அவர் மறுத்தால் இன்னொருவரைக் கேட்க அந்த நான்கு நாள் உதவும்.

"மனம் ஒப்பி நல்லபடியாக" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். "ரெபரன்ஸ் தருவீர்களா" என்று மட்டும் கேட்டால் பலர் முகத்துக்காக ஆமென்று சொல்லிவிடுவார்கள். பிறகு அழைப்பு வரும்போது, "ஆள் பரவாயில்லை" என்பார்கள். நான் ஆள் எடுக்கும்போது விசாரித்திருக்கிறேன். அந்தப் "பரவாயில்லை"யைக் கேட்டவுடன் எனக்குச் சந்தேகம்தான் வரும். நல்லதைச் சொல்ல முடியாதவர் முதலிலேயே விலகிக்கொள்வது உங்களுக்கு இலாபம். மார்க்கத்திலும் இது சாட்சியம் சொல்வதைச் சேர்ந்தது. சூரத்துன் நிஸாவின் 135ஆவது வசனம் தனக்கோ பெற்றோருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியாகச் சாட்சி சொல்லும்படி பணிக்கிறது. ஆகவே ஒருவரை இல்லாததைச் சொல்லும் நிலைக்குத் தள்ளக் கூடாது. அப்படிக் கேட்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது செய்தி. விபரங்கள் எல்லாம் இதில் வர வேண்டும். முதல் செய்தியிலேயே கொட்டினால் வாசிக்க அலுப்பாக இருக்கும். நம் இளைஞர் இப்படி எழுதுகிறார்:

"ஜஸாக்கல்லாஹு கைரன் சேர். உங்களுக்கு ஞாபகப்படுத்த நான்கு விடயங்கள். ஒன்று: வேலை செய்த காலம் 2019 மார்ச் முதல் 2022 ஜூன் வரை, பதவி களஞ்சிய எழுதுனர். இரண்டு: 2020இல் ஒவ்வொரு ராக்கைக்கும் பின் காட் எழுதித் தொங்கவிட்டேன், அதன் பிறகு மாத முடிவுக் கணக்கெடுப்பு இரண்டு நாளிலிருந்து ஒரு நாளுக்குக் குறைந்தது. மூன்று: பூட்டுப் பெட்டிகள் ஒரு தடவை குறைவாக வந்ததை இன்வொய்ஸுடன் ஒப்பிட்டு உங்களிடம் சொன்னேன். நான்கு: ஆட்குறைப்பில் விலகினேன். இதில் உங்களுக்கு ஞாபகமில்லாதது இருந்தால் விட்டுவிடுங்கள். 25ஆம் திகதிக்குப் பிறகு அழைப்பு வரலாம். எந்த நேரம் உங்களுக்கு வசதி என்று சொன்னால் விண்ணப்பத்தில் குறிப்பிடுகிறேன்."

இங்கே "நேர்மையானவன், கடின உழைப்பாளி" என்று ஒரு வரிகூட இல்லை. அந்தச் சொற்களை முகாமையாளர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அவர் கண்ட சம்பவங்களை மட்டும் நினைவூட்டுங்கள். அவர் காணாததை, அவருக்கு முன்னர் அல்லது பின்னர் நடந்ததைச் சேர்க்காதீர்கள். திகதிகளை உங்கள் நியமனக் கடிதத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒரு மாதமும் அவர் வாயில் வேறொரு மாதமும் வந்தால், கேட்பவர் உங்களைத்தான் சந்தேகிப்பார்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? நான்கைந்து நாள் பொறுத்து ஒரு தடவை மட்டும் நினைவூட்டுங்கள்: "சேர், முன்னர் கேட்ட விடயம். 20ஆம் திகதிக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேலைப்பளு என்றால் பரவாயில்லை." அதற்கும் பதில் இல்லையென்றால் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள். "பாப்போம் தம்பி" என்ற பதிலும் நம் ஊரில் பெரும்பாலும் மறுப்புத்தான். அதை நம்பிப் பெயரைப் போடாதீர்கள். அவருடைய அனுமதி கிடைக்காத இலக்கம் எந்த விண்ணப்பத்திலும் இருக்கக் கூடாது.

சில பெரிய நிறுவனங்களில் முன்னாள் ஊழியரைப் பற்றி வேலை செய்த காலத்தையும் பதவியையும் மட்டும்தான் உறுதிப்படுத்துவார்கள். முகாமையாளருக்கு உங்கள் மீது அன்பு இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். "அலுவலகக் கட்டுப்பாடு இருந்தால் காலத்தையும் பதவியையும் உறுதிப்படுத்தினாலே போதும்" என்று ஒரு வரி சேர்த்தால் அவருக்கும் இலேசு. வேலையின் தரத்தைச் சொல்ல, உங்களுடன் தினமும் இருந்த மேற்பார்வையாளரையோ கணக்காளரையோ தனியாகக் கேளுங்கள்.

முகாமையாளர் சிங்களவராக இருந்தால் அவருடைய மொழியிலோ எளிய ஆங்கிலத்திலோ எழுதுங்கள், வரிசை இதேதான். போயா தினத்தில் அனுப்பாதீர்கள். நம்மவருக்கு ஜும்ஆ நேரத்தில் அனுப்பாதீர்கள். குரல் பதிவு அனுப்பும் பழக்கமும் இதற்கு ஆகாது. அழைப்பு வரும் நேரத்தில் அவர் திகதியைத் தேடிக் குரல் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எழுத்தாக இருந்தால் பார்த்த பார்வையில் சொல்வார்.

சண்டை போட்டோ, அறிவிக்காமலோ விலகியவர்களுக்கு எந்த நல்ல செய்தியும் முழுதாக உதவாது. "அன்று நான் சொல்லாமல் போனது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள். அதே செய்தியில் ரெபரன்ஸ் கேட்காதீர்கள். மன்னிப்பையும் தேவையையும் ஒன்றாகக் கட்டினால் மன்னிப்பு பொய்யாகத் தெரியும்.

கடைசியாக, முடிவு எதுவானாலும் அவருக்கு அறிவியுங்கள். வேலை கிடைத்தால் பலர் சந்தோஷத்தில் மறந்துவிடுகிறார்கள்; கிடைக்காவிட்டால் வெட்கத்தில் சொல்வதில்லை. "சேர், கிடைக்கவில்லை. நீங்கள் பேசியதற்கு நன்றி" என்று இரண்டு வரி போட்டவருக்கு அடுத்த தடவை நான் கேட்காமலே பேசுவேன்.

என்னிடம் இருந்த அந்தப் பையன் பின்னர் வேறொரு இடத்தில் சேர்ந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தடவை என் பெயரைப் போடவில்லை. அவன் மீது குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்போது என்னிடம் வேலையை விட்டுப் போகிறவர்களிடம், "ரெபரன்ஸ் தேவைப்பட்டால் இந்த மாதிரி எழுதி அனுப்புங்கள்" என்று மேலே உள்ள இரண்டு செய்திகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.