ஞாயிறா, போயாவா? – உலகியல்மயமாதல் கோட்பாடும் அதன் விமர்சகர்களும்

கல்வியும் விஞ்ஞானமும் தொழிலும் நகரமும் வளர வளரச் சமயம் தேய்ந்துபோகுமா? சமயச் சமூகவியலில் மிகப் பழைய கேள்வி இதுதான். "ஆம், தேயும்" என்று கூறும் பதிலுக்கு உலகியல்மயமாதல் கோட்பாடு என்று பெயர். பல்கலைக்கழக முதலாம் ஆண்டுக் கருத்தரங்கு ஒன்றுக்காக நான் தொகுத்த சுருக்கத்தை, உயர்தர வகுப்பு மாணவிகளும் பெற்றோரும் வாசிக்கத்தக்கதாக இங்கே விரித்து எழுதுகிறேன். "மகள் கூடப் படித்தால் மார்க்கத்தை விட்டு விலகிவிடுவாளோ" என்று ஒரு தாய் அஞ்சும்போது, தன்னை அறியாமலே அவர் இந்தக் கோட்பாட்டைத்தான் நம்புகிறார். ஆகவே அதைச் சோதித்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உரியது.

முதலில் ஒரு சொல் விளக்கம். மதச்சார்பின்மை என்பது ஓர் அரசு தெரிவுசெய்யும் கொள்கை. உலகியல்மயமாதல் என்பது சமூகத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு மாற்றம். இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதினால் விடை தொடக்கத்திலேயே திசைமாறிவிடும்.

கோட்பாடு கூறுவது

இக்கோட்பாட்டின் வேர் ஜேர்மனியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபரிடம் உள்ளது. 1917ஆம் ஆண்டு மியூனிச் நகரில் விஞ்ஞானத்தைப் பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். நவீன மனிதன் எதையும் கணக்கிட்டு அறிந்து கட்டுப்படுத்தலாம் என எண்ணுகிறான், அதனால் உலகின் மீதிருந்த மறைபொருளின் வசீகரம் கலைகிறது என்பது அதன் சாரம்.

1966இல் பிரித்தானியரான பிரையன் வில்சன் இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். சமயச் சிந்தனையும் வழிபாடும் நிறுவனங்களும் சமூக முக்கியத்துவத்தை இழப்பதே உலகியல்மயமாதல் என்றார். அடுத்த ஆண்டு பீற்றர் பேர்கர், நவீன உலகில் பல சமயங்கள் அருகருகே வாழ்வதால் எந்த ஒன்றும் முன்போல ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க முடியாது என்று எழுதினார்.

1994இல் ஹொசே கசனோவா செய்த உதவி பெரியது. ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு கூற்றுகள் கலந்து கிடக்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது, அரசு, பொருளாதாரம், விஞ்ஞானம் ஆகியவை சமயத்திலிருந்து பிரிந்து தத்தம் விதிகளின்படி இயங்கும் என்பது. இரண்டாவது, மக்களின் நம்பிக்கையும் வழிபாடும் குறையும் என்பது. மூன்றாவது, சமயம் பொதுவாழ்விலிருந்து விலகி வீட்டுக்குள் தனிப்பட்ட விடயமாக ஒதுங்கும் என்பது. முதலாவது நடந்தால் மற்ற இரண்டும் தானாக நடந்தே தீரும் என்பதில்லை. இதுவே அவரது வாதத்தின் மையம்.

ஓர் இலங்கைச் சோதனை

வில்சனின் நூல் வெளிவந்த அதே 1966இல் இலங்கையில் ஒரு விசித்திரமான மாற்றம் நடந்தது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கி, அதற்குப் பதிலாகப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. அமாவாசை, வளர்பிறையின் எட்டாம் நாள், பௌர்ணமி, தேய்பிறையின் எட்டாம் நாள் என மாதத்தின் நான்கு போயாக்களும் ஓய்வுநாட்களாயின. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் வேலை. ஞாயிறு சாதாரண வேலைநாளாகிவிட்டது.

கோட்பாட்டின்படி பார்த்தால் ஆறு பின்னோக்கி ஓடியது போன்ற காரியம் இது. எழுத்தறிவும் இலவசக் கல்வியும் சர்வசன வாக்குரிமையும் உள்ள ஒரு நாடு, தன் தொழில் வாரத்தையே சமய நாட்காட்டியிடம் ஒப்படைத்தது.

ஆனால் கணக்கு இடித்தது. சந்திர மாதம் ஏறக்குறைய 29.53 நாட்கள் கொண்டது. அதை நான்கால் வகுத்தால் 7.38 வரும். எனவே போயா வாரம் சிலவேளை ஏழு நாளில் முடிந்தது, சிலவேளை எட்டு நாள் நீண்டது. இந்த வாரம் செவ்வாயில் வந்த ஓய்வு, சில வாரங்களின் பின் வியாழனுக்கு நகர்ந்துவிடும். உலகின் வங்கிகள் திறந்திருக்கும் நாளில் கொழும்பு வங்கி மூடியிருக்கும், கொழும்பு திறந்திருக்கும் ஞாயிறன்று இலண்டன் மூடியிருக்கும். தேயிலையும் இறப்பரும் ஏற்றுமதி செய்து வாழும் நாட்டுக்கு இது சில்லறைச் சிரமமல்ல. ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் கிறிஸ்தவர்களின் சிரமமோ வேறு.

1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை மீண்டும் கொண்டுவந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. இன்றும் நம் கலண்டரில் ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று போயாக்கள் உள்ளன. அந்நாட்களில் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருப்பதை மாத்தளைக் கடைத்தெருவில் யாரும் காணலாம்.

கசனோவாவின் மூன்று கூற்றுகளையும் இந்த நிகழ்வின் மீது வைத்துப் பாருங்கள். முதற்கூற்று பெருமளவு பொருந்துகிறது. வணிகத்துக்கென ஒரு தாளம் இருந்தது, சமய நாட்காட்டியால் ஐந்தாண்டுகளுக்கு மேல் அதை வளைக்க முடியவில்லை. இரண்டாம் கூற்றுக்கு இங்கே சான்று இல்லை. ஞாயிறு திரும்பியதால் அலுவிகாரைக்குச் சில் எடுக்கச் செல்வோர் வீட்டில் இருந்துவிடவில்லை. மூன்றாம் கூற்றோ நேரெதிராகவே போனது. ஞாயிறை மீட்டுத் தந்த அதே அரசாங்கம், அடுத்த ஆண்டே, 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மையான இடம் வழங்கியது. அந்த அரசியலமைப்புப் பணிக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா ஓர் இடதுசாரி. பொருளாதாரம் சமயத்திலிருந்து பிரிந்த அதே வேளையில் சமயம் பொதுவாழ்வில் இன்னும் உயரமான ஆசனத்தில் அமர்ந்தது.

விமர்சகர்கள்

இத்தகைய உதாரணங்கள் உலகெங்கும் திரண்டபோது பீற்றர் பேர்கரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1999இல் எழுதிய கட்டுரையில், இன்றைய உலகம் எப்போதும்போலச் சமயப்பற்று மிக்கதாகவே இருக்கிறது என்றார். மேற்கு ஐரோப்பாவையும், மேற்கத்தேயக் கல்வி பெற்ற ஒரு சிறு சர்வதேச மேட்டுக்குடியையும் அவர் விதிவிலக்காகக் குறிப்பிட்டார். முன்பு விதியாகக் கருதப்பட்ட ஐரோப்பா இப்போது விதிவிலக்காயிற்று.

தலால் அசத் இன்னும் ஆழமாகக் கேட்கிறார். மதீனாவில் பிறந்த மானிடவியலாளர் இவர். "சமயம்" என்பதை உள்ளத்து நம்பிக்கையாகவும், "உலகியல்" என்பதை எஞ்சிய அனைத்தாகவும் பிரிக்கும் கோடு ஐரோப்பிய வரலாற்றில் வரையப்பட்டது, அதை எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான அளவுகோலாகக் கொள்ளலாமா என்பது அவர் கேள்வி. நம் உதாரணத்தில் இது துல்லியமாகப் பொருந்துகிறது. ஞாயிறை "சாதாரண" நாளாகவும் போயாவைச் "சமய" நாளாகவும் நாம் பேசுகிறோம். ஆனால் ஞாயிறு ஓய்வு கிறிஸ்தவ வழிபாட்டிலிருந்து பிறந்து, காலனித்துவ ஆட்சியோடு இங்கு வந்தது. நீண்ட காலம் பழகியதால் அதன் சமய மணம் நமக்குத் தெரிவதில்லை. 1966இல் ஒரு சமய நாளின் இடத்தில் இன்னொரு சமய நாள் வந்தது என்றும் சொல்லலாம்.

முஸ்லிம்களின் வெள்ளிக்கிழமையோ இந்த இரு வகையிலும் அடங்காது. ஜும்ஆ நாள் இஸ்லாத்தில் ஓய்வுநாள் அல்ல. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுத் தொழுகைக்குச் செல்வதும், முடிந்ததும் மீண்டும் உழைப்புக்குக் கலைந்து செல்வதுமே முறை. உழைப்பு ஒரு பக்கம், சமயம் மறுபக்கம் என்ற பிரிப்பு அங்கே அவ்வளவு எளிதில் விழுவதில்லை.

கோட்பாட்டைக் காப்போரின் பதில்

கோட்பாடு இதனால் செத்துவிடவில்லை. ஸ்கொட்லாந்தில் கற்பித்த ஸ்டீவ் புரூஸ் அதை விடாமல் காத்து வருபவர். ஓர் இனத்தின் அடையாளம் அச்சுறுத்தப்படும்போது சமயம் அதற்குக் கேடயமாகிறது, அத்தகைய இடங்களில் அது தேயாது என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் போயா வாரம் பக்தியின் வெற்றியா, அல்லது காலனித்துவத்துக்குப் பிந்திய பெரும்பான்மை அடையாளத்தின் குரலா என்று அவர் சார்பில் கேட்கலாம். இது வலுவான கேள்வி. ஐரோப்பியத் தேவாலயங்களில் வருகை குறைந்ததும் மறுக்க முடியாத உண்மை.

சான்றைக் கையாளும்போது ஒரு கவனம் தேவை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் சுமார் 70 சதவீதத்தினர் பௌத்தர், 12.6 சதவீதத்தினர் இந்துக்கள், 9.7 சதவீதத்தினர் முஸ்லிம்கள். "ஆகவே இங்கே உலகியல்மயமாதல் இல்லை" என்று இதைக்கொண்டு எழுதுவது பிழை. குடிசன மதிப்பீடு எந்தச் சமயத்தவர் என்று கேட்கிறதே தவிர, ஐவேளை தொழுகிறீர்களா, கோயிலுக்குப் போகிறீர்களா என்று கேட்பதில்லை. அது சேர்ந்திருத்தலை அளக்கிறது, நம்பிக்கையையோ வழிபாட்டையோ அல்ல.

கல்வியும் மார்க்கமும்

தாயின் அச்சத்துக்கு வருவோம். ஃபர்ஸானா ஹனீபா 2008இல் வெளியிட்ட ஆய்வு, கொழும்பின் முஸ்லிம் பெண்களிடையே வளர்ந்த மார்க்கப் பற்றை ஆராய்ந்தது. கல்வியும் நகர வாழ்வும் கொண்ட பெண்கள் ஒன்றுகூடி மார்க்கத்தைக் கற்று, ஒருவருக்கொருவர் கற்பித்து, அதைத் தம் வாழ்வின் மையமாக்கிக்கொண்டதை அது காட்டுகிறது. படிப்பு கூடினால் பற்று குறையும் என்ற சூத்திரம் இங்கே பொருந்தவில்லை. ஆனால் பற்று பழையபடியே இருந்ததாகவும் கொள்ளக்கூடாது. பாட்டியிடமிருந்து வழக்கமாக வந்ததை, பேத்தி வாசித்து, காரணம் கேட்டு, தெரிந்தெடுத்துக்கொள்கிறாள். அதனால் வீட்டுக்குள்ளே புதிய விவாதங்களும் எழுகின்றன. தேய்வு, வளர்ச்சி என்ற இரண்டு சொற்களால் மட்டும் இதை அளக்க முடியாது.

பிறையையும் இவ்வாறே நோக்கலாம். புதுப்பிறை எப்போது பிறக்கும் என்பதை வானியல் நிமிடக் கணக்கில் சொல்கிறது. வெபரின் தர்க்கப்படி பிறை பார்த்தல் மறைந்திருக்க வேண்டும். கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக நாம் இன்றும் காத்திருக்கிறோம். கணிப்பை எவ்வளவு ஏற்பது, கண்ணால் காண்பதை எவ்வளவு வேண்டுவது என்ற வாதம் மார்க்க அறிஞரிடையே நடக்கிறது. விஞ்ஞானம் சமயத்தை வெளியேற்றவில்லை, சமயத்தின் உள்ளே ஒரு புதிய கேள்வியாக நுழைந்திருக்கிறது.

கருத்தரங்கில் "உலகியல்மயமாதல் கோட்பாடு சரியா?" என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று தொடங்காதீர்கள். மூன்று கூற்றுகளில் எதைப் பற்றிய கேள்வி, எந்தச் சமூகத்தில், எந்தச் சான்றைக் கொண்டு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இலங்கையைப் பொறுத்தவரை என் விடை இதுதான்: பிரிந்து இயங்குதல் ஓரளவு நடந்தது, தேய்வுக்குச் சான்று போதாது, வீட்டுக்குள் ஒதுங்குதல் நடக்கவேயில்லை.