ஒரே வரிசை, மூன்று பாடங்கள்: வினைபடுதிறன் வரிசை வினாக்களைக் கையாளுதல்

பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் மீண்டும் மீண்டும் காண்பது இது: இரும்பு ஆணியைக் காப்பர் சல்பேட் கரைசலில் இட்டால் என்ன நிகழும் என்ற வினாவிற்குச் சரியாக விடை எழுதும் மாணவர், கீறல் விழுந்த துத்தநாகப் பூச்சு வாளி ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை என்ற வினாவை வெற்றிடமாக விட்டுவிடுகிறார். இரண்டிற்கும் விடை ஒன்றே. இடப்பெயர்ச்சி வினை, உலோகப் பிரித்தெடுத்தல், துருத் தடுப்பு ஆகியவற்றை அவர் மூன்று தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்திருக்கிறார். "இங்கு எலக்ட்ரானை இழப்பது எது?" என்ற ஒரே கேள்வியால் இம்மூன்றையும் இணைக்க நான் வகுப்பில் பயன்படுத்தும் நான்கு வினாக்களை இங்கே தருகிறேன்.

வினா 1: பின்வரும் காட்சிப்பதிவுகளிலிருந்து துத்தநாகம், இரும்பு, காப்பர் ஆகியவற்றை வினைபடுதிறனின் இறங்கு வரிசையில் எழுதுக.
அ) இரும்பு + ஜிங்க் சல்பேட் கரைசல்: மாற்றம் இல்லை.
ஆ) துத்தநாகம் + இரும்பு(II) சல்பேட் கரைசல்: வெளிர்பச்சை நிறம் மங்குகிறது, கருஞ்சாம்பல் நிறப் படிவு உண்டாகிறது.
இ) இரும்பு + காப்பர் சல்பேட் கரைசல்: செம்பழுப்புப் படிவு உண்டாகிறது.

இதைச் செய்துகாட்ட, 100 மி.லி. கரைசலுக்கு 2.5 கிராம் காப்பர் சல்பேட் படிகம் போதும். சோதனைக்குழாய் ஒன்றிற்கு 5 மி.லி. எடுத்து, உப்புத்தாளால் தேய்த்த உலோகத்தை இட்டு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். இரும்பு(II) சல்பேட் கரைசலை அன்றே தயாரியுங்கள்; நேற்றைய கரைசல் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து மஞ்சளாகிவிடும். மஞ்சளாகாமல் இருக்க அமிலம் சேர்ப்பதும் இங்கு உதவாது. துத்தநாகம் அமிலத்துடன் வினைபுரிந்து குமிழிகளை விடும். மாணவர்கள் அதையே இடப்பெயர்ச்சி என்று எழுதிவிடுவார்கள்.

விடையில் பலர் (அ)வைத் தவிர்த்துவிடுவர். "மாற்றம் இல்லை" என்பதும் சான்றுதான். இரும்பால் துத்தநாகத்தை வெளியேற்ற முடியாது என்பதை அது உறுதி செய்கிறது. வரிசை: Zn > Fe > Cu. துத்தநாகத்தையும் காப்பரையும் நேரடியாகச் சோதிக்காவிட்டாலும், துத்தநாகம் காப்பரை வெளியேற்றும் என்று இதிலிருந்து முன்கூட்டியே சொல்லலாம். சமன்பாட்டிலும் ஒரு பிழை வழக்கமாக வரும். காப்பர் சல்பேட்டுடன் இரும்பு தருவது Fe²⁺ அயனியே. எனவே Fe + CuSO₄ → FeSO₄ + Cu என்பதே சரி. Fe₂(SO₄)₃ என்று எழுதுவது தவறு.

வினா 2: வரிசையில் அலுமினியம் காப்பருக்கு வெகு மேலே உள்ளது. ஆனால் அலுமினியத் தாளைக் காப்பர் சல்பேட் கரைசலில் இட்டால் வெகுநேரம் மாற்றம் தெரிவதில்லை. வரிசை தவறா?

கூர்மையான மாணவர் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். அலுமினியத்தின் மேல் மெல்லிய, இறுக்கமான அலுமினியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. கரைசல் உலோகத்தைத் தொடவே முடிவதில்லை. அதே குழாயில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைச் சேர்த்துக் காட்டுங்கள். குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைச் சிதைக்க, சில நிமிடங்களில் செம்பழுப்புக் காப்பர் படியத் தொடங்கும், குமிழிகள் வரும், குழாய் சூடாகும். எனவே சிறிய துண்டுத் தாளே போதும். வரிசை சரியே, தடுத்தது படலம்தான். அலுமினியப் பாத்திரம் நீண்ட நாள் உழைப்பதற்கும் இதுவே காரணம். இரும்பின் துருவோ உதிரும் தன்மையும் துளைகளும் கொண்டது. அதனால் அடியிலுள்ள இரும்பை அது காப்பதில்லை.

வினா 3: துத்தநாக ஆக்சைடைக் கார்பனால் ஒடுக்கலாம், அலுமினியம் ஆக்சைடுக்கு மின்னாற்பகுப்பு தேவை. ஏன்?

இங்கு வரிசையில் கார்பனைச் சேர்த்து எழுதச் சொல்கிறேன்: … Al > C > Zn > Fe … கார்பனுக்குக் கீழுள்ள உலோகத்தின் ஆக்சைடிலிருந்து கார்பன் ஆக்சிஜனைப் பறிக்கும்: ZnO + C → Zn + CO. ஊதுலையில் இரும்பின் ஆக்சைடை ஒடுக்குவது பெரும்பாலும் கார்பனிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடே. அலுமினியம் ஆக்சிஜனை இன்னும் வலுவாகப் பற்றியிருப்பதால் அதற்கு மின்னோட்டம் வேண்டும். அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்னாற்பகுக்கும் முறையை ஹாலும் ஹெரூலும் 1886-இல் தனித்தனியே கண்டறிந்தனர்.

இதில் ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கார்பனின் இந்த இடம், ஆக்சைடை உயர் வெப்பநிலையில் ஒடுக்கும் திறனைக் குறிக்கிறது. கார்பன் தண்டைக் காப்பர் சல்பேட் கரைசலில் நட்டுவைத்தால் எதுவும் நிகழாது. இதைச் சொல்லாவிட்டால், மாணவர்கள் கார்பனையும் ஓர் உலோகம்போல் கருதி இடப்பெயர்ச்சிச் சமன்பாடு எழுதுவார்கள்.

வினா 4: துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டிலும், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டிலும் இரும்பு தெரியும்படி கீறல் விழுகிறது. எது முதலில் துருப்பிடிக்கும்? (3 மதிப்பெண்)

"பூச்சு காற்றையும் நீரையும் தடுக்கிறது" என்ற விடைக்கு நான் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் தருவதில்லை. கீறல் விழுந்தபின் அந்தத் தடுப்பு அங்கே இல்லையே! துருப்பிடித்தலின் முதல் படி Fe → Fe²⁺ + 2e⁻. அந்த எலக்ட்ரான்களை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்கிறது. துத்தநாகம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், வரிசையில் மேலுள்ள அதுவே எலக்ட்ரானை இழக்கும், இரும்பு காக்கப்படும். வெள்ளீயம் இரும்புக்குக் கீழே உள்ளது. எனவே அங்கு எலக்ட்ரானை இழப்பது இரும்பே. பூச்சே இல்லாத தகட்டைவிட விரைவாகக் கீறலில் அது அரிக்கப்படும். முதல் படிக்கு ஒன்று, துத்தநாகத்தின் இடத்திற்கு ஒன்று, வெள்ளீயத்தின் இடத்திற்கு ஒன்று என மதிப்பெண்ணைப் பிரிக்கலாம்.

"அப்படியானால் உணவு டப்பாவுக்கு ஏன் வெள்ளீயம்?" என்று மாணவர் கேட்பர். புளிப்புள்ள உணவின் அமிலத்தில் துத்தநாகம் எளிதில் கரைந்துவிடும்; வெள்ளீயம் அவ்வாறு கரைவதில்லை.

இதை மூன்று ஆணிகளால் காட்டலாம். ஒன்றில் மெக்னீசிய நாடாவையும், மற்றொன்றில் உரித்த காப்பர் கம்பியையும் இறுக்கமாகச் சுற்றுங்கள். மூன்றாவது வெறும் ஆணி. மூன்றையும் தனித்தனிக் குவளைகளில் உப்புநீரில் இட்டு இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். காப்பர் சுற்றியதில் துரு மிகுதி. மெக்னீசியம் சுற்றிய ஆணி பளிச்சென்றிருக்க, நாடா கரைந்து வெண்ணிறப் படிவு நிற்கும். மெக்னீசியம் சுற்றியதிலும் துரு தெரிந்தால், நாடா ஆணியைச் சரியாகத் தொடவில்லை அல்லது முழுதும் தீர்ந்துவிட்டது என்று பொருள். தியாகம் செய்யும் உலோகம் தீரும்வரைதான் பாதுகாப்பு என்பதையும் மாணவர்கள் அங்கேயே கண்டுகொள்வர்.

பாடம் முடிந்தபின் நான் கேட்கும் சோதனை வினா: இரும்புக் குழாயில் பித்தளைக் குழாய்த்திருகு பொருத்திய இடத்தை ஒட்டி ஏன் துரு மிகுதியாகக் காணப்படுகிறது? பித்தளையில் பெரும்பகுதி காப்பர் என்பதை மட்டும் குறிப்பாகத் தரலாம். "இங்கு எலக்ட்ரானை இழப்பது இரும்பு" என்று தொடங்கும் விடைக்கு முழு மதிப்பெண் வழங்கலாம்.