தரைக்கடியில் ஒரு நெருப்பு

இத்தாலியின் பொம்பேய் நகரம், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதைந்தது. அந்நகரின் சந்தைத் திடலுக்கு அருகில் ஒரு பொதுக் குளியல் கூடம் இருந்தது. அதன் ஆண்கள் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு அறைகளை இன்றும் காணலாம். ஒன்று இளஞ்சூட்டு அறை. மற்றொன்று வெந்நீர்க் குளியலறை. இரண்டிற்கும் இடையில் ஒரே ஒரு சுவர்தான். ஆனால், அவை சூடாக்கப்பட்ட முறைகள் முற்றிலும் வேறு.

இளஞ்சூட்டு அறையில் ஒரு பெரிய வெண்கலக் கணப்பு கிடைத்தது. அதில் கரியைக் கொட்டி எரித்தார்கள். அதை வழங்கியவரின் பெயர் வாக்குலா. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் ‘சிறிய பசு’ என்று பொருள். அதனால் அவர் அந்தக் கணப்பில் ஒரு பசுவின் உருவத்தைப் பொறிக்கச் செய்தார்! தம் பெயரை நகைச்சுவையோடு விளம்பரப்படுத்தத் தெரிந்தவர் போலும்.

கணப்பு அழகானதுதான். ஆயினும், அதன் அருகில் இருப்பவருக்கு உடல் தகிக்கும். அறையின் மூலையில் இருப்பவருக்குக் குளிரும். கரி எரியும்போது வெளிப்படும் வாயுக்களும் மக்கள் இருக்கும் அறைக்குள்ளேயே தங்கும். பக்கத்து வெந்நீர் அறையில் இந்தக் குறைகள் இல்லை. அங்கே நெருப்பு அறைக்குள் இல்லை. அறையின் அடியில் இருந்தது. இந்த அமைப்பை ‘ஹைப்போகாஸ்ட்’ என்பர். கிரேக்க மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குக் ‘கீழிருந்து எரிப்பது’ என்பது பொருள்.

அந்த அறையின் தரை, மண்ணின் மீது நேரடியாக அமையவில்லை. அது வரிசை வரிசையாக நின்ற குட்டையான செங்கல் தூண்களின்மேல் தாங்கி நின்றது. இத்தகைய தரையை எவ்வாறு கட்ட வேண்டும் என்பதை விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதி வைத்துள்ளார். தூண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சதுரச் செங்கற்களைப் பயன்படுத்த வேண்டும். தூணின் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். தூண்களின்மேல் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய சுடுமண் ஓடுகளைப் பரப்ப வேண்டும். ஓட்டின் ஒவ்வொரு மூலையும் ஒரு தூணின் நடுவில் அமரும். அப்படியானால், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கும்? 60-இலிருந்து 20-ஐக் கழித்துப் பாருங்கள். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். வெப்பக் காற்று தங்குதடையின்றிச் சுற்றிவர அந்த இடைவெளி போதும்.

செங்கற்களை ஒட்டுவதற்குச் சுண்ணாம்புச் சாந்து வேண்டாம், முடி கலந்த களிமண்ணே வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். இதற்குக் காரணம் உண்டு. கடும் வெப்பம் படும்போது சுண்ணாம்புச் சாந்து நாளடைவில் பிடிப்பை இழந்து உதிரும். களிமண்ணோ வெப்பத்தில் மேலும் இறுகும்.

தூண்கள் நிற்கும் அடித்தளம் உலையை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். சரிவு சரியாக உள்ளதா என்பதை எப்படி அறிவது? உள்ளே ஒரு பந்தை எறிய வேண்டும். அது தானாகவே உலையின் வாய்க்கு உருண்டு வந்துவிட்டால், வேலை சரியாக முடிந்தது என்று பொருள். அளவுகோல் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை இது. உலையிலிருந்து தள்ளிச் செல்லச் செல்ல அடித்தளம் உயர்வதால், தீயும் வெப்பமும் தரைக்கடியில் எளிதாகப் பரவும்.

ஆனால், தரைக்கடியில் வெற்றிடத்தை அமைத்தால் மட்டும் போதாது. உலையில் விறகை எரித்தால் வெப்பக் காற்று உள்ளே போகும். அது வெளியேற வழியில்லை என்றால் என்ன நடக்கும்? அடியிலுள்ள வெற்றிடம் புகையால் நிரம்பிவிடும். புதிய காற்று உள்ளே வராது. தீ மங்கி, புகை உலையின் வாய் வழியாகவே திரும்பி வரும். ஆகவே, வெப்பக் காற்று மேலே ஏறிச் செல்ல ஒரு பாதை தேவைப்பட்டது.

அந்தப் பாதை சுவருக்குள் இருந்தது. பொம்பேய்க் கூடத்தில், நான்கு மூலைகளிலும் குமிழ் போன்ற புடைப்புகள் கொண்ட ஓடுகளைச் சுவரில் பொருத்தினார்கள். புடைப்புகள் சுவரில் முட்டி நிற்பதால், ஓட்டிற்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய இடைவெளி உண்டானது. பிற்காலத்தில் இவற்றுக்குப் பதிலாகச் சுடுமண்ணால் செய்த பெட்டி வடிவக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அக்குழாய்களின் பக்கவாட்டில் துளைகள் இருந்ததால், வெப்பம் சுவர் முழுவதும் பரவியது.

வெப்பக் காற்று இலேசானது. அது மேலே ஏறும். சுவர் வழியே ஏறி வெளியேறும்போது, தரைக்கடியில் உள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, உலையின் வாய் வழியாகப் புதிய காற்று உள்ளே நுழையும். தீ நன்றாக எரியும். எனவே, சுவரிலுள்ள வெற்றிடம் அறையைச் சூடாக்கியதோடு, உலைக்குப் புகைபோக்கியாகவும் வேலை செய்தது.

சூடான சுவரால் இன்னொரு பயனும் கிடைத்தது. பனிக்கட்டி போட்ட பானம் உள்ள குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீர்த்துளியாகிறது. ஆவி நிறைந்த குளியலறையின் சுவர் குளிர்ந்திருந்தால் அதுவும் அப்படித்தான் வியர்க்கும். சுவர் சூடாக இருந்ததால் அங்கே ஈரம் குறைந்தது. ஆனால், கூரைக்குள் வெப்பக் காற்று செல்லவில்லை. ஆகவே, அந்த அறையின் கூரையை வளைவாகக் கட்டி, பூச்சில் வரிவரியாகப் பள்ளங்களை அமைத்தார்கள். நீர்த்துளிகள் குளிப்போரின் தலையில் சொட்டாமல், பள்ளங்களின் வழியே சுவரோரமாக வழிந்தன.

இவ்வளவு செய்தும், அறை முழுவதும் ஒரே அளவு சூடு இல்லை. உலைக்கு அருகில் வெப்பம் மிகுதி. அதனால், வெந்நீர்த் தொட்டியை அந்த முனையில் வைத்தார்கள். எதிர்முனையில் ஒரு பெரிய பளிங்குக் கிண்ணம் இருந்தது. வெப்பம் தாங்காதவர்கள் அதிலிருந்து நீரை அள்ளி மேலே தெளித்துக்கொள்வார்கள். அதன் விலை 5250 செஸ்டர்ஸ் என்று அதன் விளிம்பிலேயே வெண்கல எழுத்துகளில் பதித்திருக்கிறார்கள்!

தடித்த தரை என்பதால், உலையை மூட்டியதும் அறை சூடாகிவிடாது. தீயை நெடுநேரம் எரிய விட வேண்டும். சூடேறிய பின்னரோ, வெறுங்காலை வைக்க முடியாது. குளிக்க வந்தவர்கள் மரச் செருப்பு அணிந்துகொண்டனர். தரையில் விரிசல் விழுந்தால் ஆபத்து இன்னும் பெரிது. விறகு எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது அறைக்குள் கசிந்தால் குளிப்போர் மயங்கி விழக்கூடும். ஓடுகளுக்குமேல் சாந்தையும் பளிங்கையும் தடிப்பாகப் பரப்பியது, வெப்பத்தைத் தேக்குவதோடு வாயுவைத் தடுக்கவும் உதவியது.

குளிப்போர் உலையைப் பார்த்ததே இல்லை எனலாம். அது சுவருக்குப் பின்னால், ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவில் இருந்தது. அங்கே அடிமைகள் விறகு தள்ளினார்கள், சாம்பலை வாரினார்கள். ரோமானியக் குளியல் கூடங்கள் பலவற்றில் மேல்தரை என்றோ இடிந்துவிட்டது. எஞ்சியுள்ள குட்டைத் தூண்களில் படிந்த கரியைக்கொண்டு, தீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அகழ்வாய்வாளர்கள் கண்டறிகிறார்கள்.