ஒத்தும் வேறுபட்டும்: செயலாராய்ச்சியில் முந்தைய ஆய்வுகளை ஒப்பிடுதல்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் பள்ளியின் மூன்று, நான்காம் வகுப்பு மாணவர்களை, வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழுக்களாகப் பிரித்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் கற்பித்தேன். ஆண்டு முடிவில் தமிழ் வாசிப்பு உயர்ந்திருந்தது. கடன் வாங்கிக் கழித்தல் அப்படியே நின்றது. அதைச் செயலாராய்ச்சி அறிக்கையாக எழுதியபோது, ‘முடிவுகள் மீதான விவாதம்’ பகுதியில் முதலில் இப்படித்தான் எழுதினேன்: “இம்முடிவு ஹரியானா ஆய்வோடு ஒத்துள்ளது; பால்சகி ஆய்வோடு முரண்படுகிறது.”

அதைப் படித்த எங்கள் தலைமையாசிரியர், “சரிங்க டீச்சர், அப்போ கணக்குக்கு இந்த முறை வேண்டாம்னு நிறுத்திடலாமா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆய்வுகளையும் மீண்டும் எடுத்துப் படித்தேன்.

பால்சகி திட்டம் மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை ஆராயப்பட்டது. பின்தங்கிய மாணவர்கள் பதினைந்து முதல் இருபது பேரை, அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் பள்ளி நேரத்திலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக் கற்பித்தார். மொழி, கணக்கு இரண்டுக்கும் இடமிருந்தது. கணக்கில்தான் முன்னேற்றம் கூடுதல். ஹரியானாவில் 2012-13இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களே தனியாக ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில், நிலைவாரியாகக் குழு பிரித்துக் கற்பித்தார்கள். அங்கே அழுத்தம் இந்தியில் இருந்தது. இந்தி உயர்ந்தது, கணக்கு உயரவில்லை.

ஆக, வேறுபாடு முறையில் இல்லை, அந்த நேரத்தில் எதைக் கற்பித்தார்கள் என்பதில் இருக்கலாம். இது என் ஊகம்தான். ஊகத்தைச் சோதிக்க என் பாடக்குறிப்பேடே போதும். புரட்டினேன். கணக்குக்கென்று எழுதிவைத்த நாள்களில் பெரும்பாலும் தமிழ்ப் பத்தியே ஓடியிருந்தது! குறிப்பேடு வேறுவிதமாக இருந்திருந்தால், இந்த விளக்கத்தைக் கைவிட்டு வேறு காரணம் தேடியிருப்பேன்.

ஒத்துப்போகும் இடத்துக்கும் விளக்கம் வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடப்பொருள்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பள்ளி நாள்களில் பலன் தெரியவில்லை. ஹரியானாவிலும் என் வகுப்பிலும் இருந்த தனி நேரமும் நிலைவாரிக் குழுவும் அங்கே நடைமுறைக்கு வரவில்லை. வாசிப்பு உயர்ந்ததற்கு அவை காரணமாக இருக்கலாம் என்று சொல்ல இந்த ஒப்பீடு இடம் தருகிறது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. அந்த ஆய்வுகளில் திட்டம் கிடைக்காத மாணவர் குழுக்களும் ஒப்பீட்டுக்கு இருந்தன. என்னிடம் அப்படி ஒரு குழு இல்லை. வயது கூடியதாலேயே சிலர் வாசித்திருக்கலாம். எனவே ‘எவ்வளவு உயர்ந்தது’ என்பதை நான் ஒப்பிடவில்லை, எந்தப் பாடத்தில் உயர்ந்தது என்பதை மட்டுமே ஒப்பிட்டேன்.

திருத்திய பத்தி இது: “வாசிப்பில் மட்டும் முன்னேற்றம் என்பது ஹரியானா முடிவை ஒத்தது, இரண்டிலும் நேரம் பெரும்பாலும் மொழிக்கே சென்றது. கணக்கிலும் முன்னேற்றம் கண்ட பால்சகியில் இரு பாடங்களும் கற்பிக்கப்பட்டன. எனவே கழித்தல் உயராததை இம்முறையின் குறையாகக் கொள்ள இந்த ஆய்வில் சான்று இல்லை.”

தலைமையாசிரியர் இதைப் படித்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் கணக்குக்கு மட்டும் என்று கால அட்டவணையில் எழுதிவிட்டார்.