தொடக்க இருப்பு எந்தச் சம்பளத்தில்?

கேள்வி: மணிமங்கலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலையின் டூல் ரூமில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வயது 48. கம்பெனியின் ஓய்வூதிய டிரஸ்ட் விதிப்படி, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி பேசிக் சம்பளத்தில் 1 சதவீதம் மாத ஓய்வூதியம் உண்டு. வரும் ஏப்ரலோடு அது நின்றுவிடும், இனி அவரவர் கணக்கில் பேசிக்கில் 10 சதவீதம் செலுத்தப்படும், "இதுவரை சேர்ந்த உரிமை எதுவும் குறையாது" என்று ஹெச்.ஆர். கடிதம் கொடுத்திருக்கிறது. அடியில் சம்மதக் கையெழுத்துக்கு இடமும் விட்டிருக்கிறது. கம்பெனி தன்னிச்சையாக இப்படி மாற்றலாமா, கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

பதில்: முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் இ.பி.எஸ். 95 ஓய்வூதியத்தை இந்தக் கடிதம் தொடவில்லை. அதைத் தொடக் கம்பெனிக்கு அதிகாரமும் இல்லை. மாறப்போவது கம்பெனி தனியாக நடத்தும் திட்டம் மட்டுமே.

அதில் "குறையாது" என்ற சொல்லைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். வாசகரின் பேசிக் இன்று 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 22 ஆண்டுக்கு 22 சதவீதம், அதாவது மாதம் 8,800 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று கம்பெனி கணக்குக் காட்டும். ஆனால் பழைய விதி சொல்வது இன்றைய சம்பளத்தை அல்ல, கடைசிச் சம்பளத்தை. ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 58 வயதில் பேசிக் சுமார் 71,600 ஆகியிருக்கும். அதே 22 ஆண்டு உழைப்புக்கு அப்போது மாதம் 15,750 ரூபாய் கிடைத்திருக்கும்.

இந்த இடைவெளி, புதிய கணக்குக்கு மாற்றப்படும் தொடக்க இருப்பில் அப்படியே எதிரொலிக்கும். முதலீட்டு வருமானமும், ஓய்வின்போது வாங்கும் ஆண்டுத்தொகை பாலிசியின் விகிதமும் 7 சதவீதம் என்று கொண்டால், இன்றைய சம்பளக் கணக்கில் ஏறத்தாழ 7.7 லட்சம் வரும். கடைசிச் சம்பளக் கணக்கில் 13.7 லட்சம். கடிதத்தில் எந்தத் தொகை இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஓய்வூதியப் பொறுப்பைக் கம்பெனிகள் தங்கள் கணக்கில் காட்டும்போது, வருங்காலச் சம்பள உயர்வையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை. சம்பள உயர்வு எத்தனை சதவீதம், தள்ளுபடி விகிதம் எவ்வளவு என்ற அனுமானங்கள் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் பொதுவாக அச்சாகியிருக்கும். ஆண்டறிக்கையில் 6 சதவீத உயர்வு என்று எழுதிவிட்டு, தொழிலாளியின் தொடக்க இருப்பில் மட்டும் உயர்வே இல்லையென்று கணக்கிட்டிருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் அதுவே வலுவான ஆதாரம்.

இனி சட்டம். தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு இருந்த இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு இருக்கிறது. மூன்றாம் அட்டவணையில் உள்ள வேலை நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஓய்வூதிய நிதிக்கான பங்களிப்பும், வழக்கமான சலுகையைத் திரும்பப் பெறுவதும் அந்த அட்டவணையில் உள்ளன. பங்களிப்பு பற்றிய வரி சட்டப்படியான நிதிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று நிர்வாகம் வாதிடக்கூடும். அப்போது சலுகை பற்றிய வரி தொழிலாளிக்குக் கைகொடுக்கும். சாதாரண ஹெச்.ஆர். கடிதம் இந்த முன்னறிவிப்பு ஆகிவிடாது. இன்னொரு பூட்டும் உண்டு: வருமான வரித்துறை அங்கீகரித்த டிரஸ்ட் என்றால், அதன் விதிகளைத் திருத்த ஆணையரின் முன் ஒப்புதல் வேண்டும்.

சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு மாற்றினால் முன்னறிவிப்பு தேவையில்லை. வங்கிகளில் அதுதான் நடந்தது. 2010 ஏப்ரல் 27 இருதரப்பு ஒப்பந்தப்படி, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள்தான் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனார்கள். ஏற்கெனவே இருந்தவர்களின் பழைய ஓய்வூதியம் தொடர்ந்தது. தமிழக அரசும் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களைத்தான் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தது. பாதிவழியில் இருப்பவர்களையும் சேர்த்து மாற்றும் இந்தக் கடிதம் அவற்றைவிடக் கடுமையானது. சங்கம் கையில் எடுக்க வேண்டிய ஒப்பீடு இது.

ஆகவே வாசகர் இப்போது சம்மதக் கையெழுத்துப் போட வேண்டாம். "கடிதம் பெற்றுக்கொண்டேன், சம்மதம் தெரிவிக்கவில்லை" என்று தேதியோடு எழுதி, நகல் எடுத்துவைக்கட்டும். டிரஸ்ட் பத்திரம், தன் தொடக்க இருப்பின் கணக்கீடு, ஆணையரின் ஒப்புதல் ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் கேட்கட்டும். பதில் வராமலேயே ஏப்ரலில் மாற்றம் நடைமுறைக்கு வந்தால், சங்கத்தின் மூலம் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் தொழில் தகராறு எழுப்பலாம்.